வயிற்றைக் குறைசொல்லும் முன் நாக்கை நீட்டிப் பாருங்கள்

கிள்ளானில் விடியற்காலை கம்யூட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நடக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். காலையும் இரவும் பல் துலக்குகிறார். ஆனாலும் பத்து மணிக்கு வாய் நாறுகிறது. வயிறுதான் காரணம் என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் வாயு மருந்து குடிக்கிறார்.

வாய் நாற்றம் உள்ள பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது வாய்க்குள்ளேதான் உண்டாகிறது. உணவுக்குழாயின் மேல்முனை விழுங்கும் நேரம் தவிர மூடியே இருக்கும். ஏப்பம் வந்தாலோ, அமிலம் எதுக்களித்தாலோதான் வயிற்றின் வாடை மேலே வரும்.

தன் வாய் நாற்றம் தனக்குச் சரியாகத் தெரியாது, மூக்கு பழகிவிடும். ஆகவே வீட்டில் ஒருவரை முகரச் சொல்ல வேண்டும். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் ஊதுங்கள். பிறகு வாயை மூடி மூக்கால் ஊதுங்கள். வாயில் மட்டும் நாற்றம் என்றால் நாக்கு, ஈறு, தொண்டைப் பக்கம் தேடலாம். மூக்கில் மட்டும் என்றால் சைனஸைப் பார்க்க வேண்டும்.

நம் கிள்ளான்காரருக்கு வாயில்தான். ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் நாக்கின் பின்பகுதியை வழித்து, சில விநாடி கழித்து முகர்ந்தார். அழுகிய முட்டை வாடை. காற்றுப்படாத அந்த இடத்துக் கிருமிகள் உணவுத் துணுக்கையும் உதிர்ந்த செல்களையும் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. பிரஷ் அங்கே போவதில்லை. எச்சில்தான் கழுவ வேண்டும்; ஆனால் தூக்கத்தில் அது குறைந்துவிடும், இவரோ பசியாறாமல், தண்ணீரும் குடிக்காமல், ஒரு தே தாரிக்கோடு பொழுதை ஓட்டுகிறார். நாக்கு வழிப்பானைக் குமட்டாத அளவு பின்னே வைத்து, அழுத்தாமல் முன்னே இழுப்பதை நாள்தோறும் செய்தால் போதும். நம் பாட்டிமார் வேப்பங்குச்சியைக் கிழித்து வழித்ததும் இதைத்தான். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்து வாயை இன்னும் உலர்த்தக்கூடும்.

நாக்கு சுத்தமாகியும் நாற்றம் நீடித்தால் ஈறில் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பல் மருத்துவரிடம் போகவேண்டும். தொண்டையில் ஏதோ உறுத்தி, இருமும்போது அரிசிமணி போல வெள்ளைக் கட்டி வெளியே வந்தால் அது டான்சில் கல். நசுக்கினால் கடுமையாக நாறும், ஆனால் ஆபத்தில்லை. உப்புநீரில் கொப்பளித்தால் பல தானே கழன்றுவிடும். பல்குத்தியால் நோண்டினால் ரத்தம் வரக்கூடும். அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

வயிற்றைச் சந்தேகிக்க நெஞ்செரிச்சலும், படுத்தால் புளித்த நீர் ஏறுவதும் கூட இருக்க வேண்டும். பூண்டு வேறு கதை: அதன் கந்தகப்பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வருவதால், எத்தனை முறை துலக்கினாலும் பல மணி நேரம் நிற்கும்.

நீரிழிவு உள்ளவரின் மூச்சில் அழுகிய பழம் அல்லது நகப்பூச்சு நீக்கி போன்ற வாடை வந்து, வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் பல் மருத்துவரிடம் அல்ல, உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.