பாதியில் நிற்கும் கணக்கு

சத்திரம், மடம், கோயில், வணிகக் குடும்பம் என்று பழைய இடங்களின் கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து எக்செல்லில் ஏற்றும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. சம்பளம் குறைவு, கண்ணுக்கு வேலை அதிகம். எனவே ஆள் தங்குவதில்லை. புதிதாக வருபவர் கோப்பைத் திறந்தால் வரிசை வரிசையாகத் தகவல் இருக்கும். அது எந்த வழக்கப்படி அடிக்கப்பட்டது என்பதுதான் இருக்காது.

சார்ஜ் ஒப்படைக்கும்போது பெரும்பாலும் "படம் 87 வரை முடிந்தது" என்று ஒரே வரி எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். புத்தகத்தை விரித்து ஸ்கேன் எடுத்தால் ஒரு படத்தில் இரண்டு பக்கம் விழும். முடிந்தது இடப்பக்கமா, இரண்டுமா? அட்டையும் வெற்றுத்தாளும் படமாகியிருப்பதால், புத்தகத்தில் மையால் எழுதிய பக்க எண்ணும் படத்தின் எண்ணும் ஒத்துப்போகாது. படத்தின் எண், பக்கம், கடைசியாக அடித்த வரியின் முதல் சில சொற்கள் மூன்றையும் எழுதினால் குழப்பம் இல்லை.

இனி தேதி. 1930களின் கணக்கில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஆங்கீரச ௵ தை ௴ ௰௫ ௳. ஆங்கீரச வருடம், தை மாதம், 15ஆம் தேதி. ௰ என்பது பத்து. பார்வைக்கு 'ய' போலவே இருக்கும். ௧ 'க' மாதிரி, ௨ 'உ' மாதிரி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு எண் வேறு, எழுத்து வேறு. ஒருவர் எண்ணையும் இன்னொருவர் எழுத்தையும் அடித்தால், தேடும்போது பாதி வரிகள் அகப்படாது. எல்லாவற்றையும் 15 என்று சாதாரண எண்ணில் அடிப்பதே வசதி. அப்படித்தான் அடித்தேன் என்று போகிறவர் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலத் தேதிக்கு மாற்றுவதில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஆங்கீரச வருடம் 1932 ஏப்ரலில் பிறந்தது. அதனால் எல்லா மாதத்துக்கும் 1932 என்று கை தானாக அடித்துவிடும். ஆனால் அந்தத் தை மாதம் 1933 ஜனவரியில் வருகிறது. 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே வருடப் பெயர் திரும்பவும் வரும் என்பதால், எந்தச் சுற்று என்பதும் குறிப்பில் வேண்டும். என் அபிப்பிராயத்தில் புத்தகத்தில் உள்ள தேதியை உள்ளபடி ஒரு பத்தியில் ஏற்றிவிட்டு, மாற்றும் வேலையைப் பஞ்சாங்கம் பார்த்துப் பிறகு தனியாகச் செய்வதே நல்லது.

தொகையில் எக்செல்லே வில்லனாகும். 3 ரூபாய் 8 அணா 6 பையை 3-8-6 என்று அடித்தால், அது தேதி என்று எடுத்துக்கொண்டு 2006ஆம் ஆண்டுக்குப் போய்விடும். தொகைப் பத்தியில் 2006, 2009 என்று ஆண்டுகள் தென்பட்டால் இதுதான் நடந்திருக்கிறது. ரூபாய், அணா, பைக்கு மூன்று தனிப் பத்தி வைத்தால் தீர்ந்தது. புள்ளி வைத்து 3.50 என்று எழுதக் கூடாது; ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை இருந்தது.

ஒரே ஆள் அடுத்தடுத்து வந்தால் கணக்கர் பெயரை எழுதாமல் ௸ போட்டுவிடுவார். மேற்படி என்று பொருள். அதை அப்படியே அடித்து வைத்தால், யாராவது அகர வரிசைப்படுத்திய மறுநிமிடமே மேலே இருந்த வரி எங்கோ போய், ௸ யாரைச் சொல்கிறது என்றே தெரியாமல் போகும். அதனால் பலரும் பாதி வேலையில் மனம் மாறிப் பெயரை முழுதாக எழுதத் தொடங்குவார்கள். மாறியதில் தவறில்லை. "படம் 40 வரை ௸ அப்படியே இருக்கிறது, 41 முதல் பெயர் விரித்து எழுதியிருக்கிறது" என்பதைச் சொல்லாமல் போவதுதான் தவறு. ஒப்படைப்புக் குறிப்பிலேயே மிக முக்கியமான வரி இது.

வெற்றுக் கட்டமும் அப்படித்தான். கணக்கரே எழுதாமல் விட்டாரா, தாள் செல்லரித்ததா, எழுத்து இருந்தும் நமக்குப் புரியவில்லையா? மூன்றுக்கும் [காலி], [சேதம்], [?] என்று வெவ்வேறு குறி வேண்டும். கடைசி வகையை நாளை வேறொருவர் வாசித்துவிடக்கூடும். அவருக்கு எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும்.

குறிப்பு போதுமா என்று பார்க்க வழி இருக்கிறது. ஏற்கெனவே முடித்த ஒரு பக்கத்தைப் புதியவரிடம் கொடுத்து, பழைய தாளைக் காட்டாமல், குறிப்பை மட்டும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு விதி எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. போகிறவர் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.