எரிந்த மோட்டார்: காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா?

கோவைப் பக்கம் ஒரு சிறு ஃபவுண்டரி. மணல் தூசியை இழுக்கும் புளோயரை ஓட்டுகிற 20 எச்.பி. மோட்டார் ஒருநாள் புகைந்து நின்றுவிடுகிறது. முதலாளி போன் போடுவது பெரும்பாலும் காயில் கட்டும் பட்டறைக்குத்தான். “எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும்?” என்ற இரண்டே கேள்வியில் விஷயம் முடிந்துவிடும். அந்த மோட்டார் வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

தின்பது கொஞ்சமில்லை. 20 எச்.பி. என்றால் 15 கிலோவாட். முக்கால் லோடில், இரண்டு ஷிப்ட் கணக்கில் நாளுக்கு 16 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடுகிறது, யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஐஇ1 வகை மோட்டாரின் திறன் 88.7 சதவீதம். அதன்படி வருஷத்துக்குக் கரண்ட் செலவு மட்டும் ஏறக்குறைய 4 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய். புது மோட்டாரின் விலையை 60 ஆயிரம் என்று போட்டால், அதைப் போல எட்டு மடங்கு. இந்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே இங்கே நகர்ந்தாலும் பட்டறை பில்லில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

காயில் கட்டினால் திறன் குறையுமா? குறைந்தே தீரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்களான அமெரிக்காவின் ஈசாவும் பிரிட்டனின் ஏஇஎம்டியும் சேர்ந்து 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. மோட்டார்களைக் காயில் கட்டுவதற்கு முன்னும் பின்னும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். முறையாகக் கட்டியவற்றில் சராசரி இழப்பு 0.1 சதவீதப் புள்ளி அளவுதான், கண்டுகொள்ளத் தேவையில்லை. கட்டுப்பாடு இல்லாமல் கட்டியவற்றில் சில ஒரு சதவீதம் வரை இறங்கின. ஆகவே திறனைத் தின்பது காயில் கட்டுவது அல்ல, கட்டுகிற விதம்.

அந்த விதம் கெடுவது பெரும்பாலும் பழைய காயிலைக் கழற்றும்போதுதான். வார்னிஷில் ஊறி ஸ்லாட்டுக்குள் இறுகிப்போன கம்பி சும்மா வராது. ஒரு பக்கத் தலையை வெட்டிவிட்டு, ஸ்டேட்டரைச் சுட்டு, இன்சுலேஷனைச் சாம்பலாக்கிய பிறகு உருவ வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பில், இரும்பின் வெப்பம் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் சுட்டால் பிரச்சினை இல்லை. கேஸ் டார்ச்சால் காட்டுவதோ, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதோ வேறு கதை. ஸ்டேட்டர் என்பது மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் மேலே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. அது கருகினால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய மாதிரி ஆகி, இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். மோட்டார் வேலையே செய்யாமல் சூடாகும். கம்பியை எத்தனை முறை புதிதாகச் சுற்றினாலும் இந்தச் சேதம் தீராது.

இன்னொரு குறை சுற்றும்போது வருவது. ஸ்லாட்டில் எளிதாக அடங்க வேண்டும் என்று ஒரு கேஜ் மெலிந்த கம்பி போட்டால் செம்பில் இழப்பு கூடும். சுற்று எண்ணிக்கையைக் குறைத்தால் காந்தப்புலம் கூடி இரும்பு இழப்பு ஏறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டி, மூன்று பேஸிலும் டாங் டெஸ்டர் வைத்து ஆம்பியரைக் குறித்து வைக்க வேண்டும். காயில் கட்டி வந்ததும் அதே வோல்டேஜில் அதே சோதனை. ஆம்பியர் தெளிவாக ஏறியிருந்தால் சுற்று குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். தகடு கருகியதை மட்டும் ஆம்பியர் சரியாகக் காட்டாது. அதற்குக் காலியாக ஓடும்போது இழுக்கிற வாட்ஸைப் பார்க்க வேண்டும். நல்ல பட்டறை சுடுவதற்கு முன்னும் பின்னும் கோர் டெஸ்ட் செய்து எழுதித் தரும்.

இப்போது ஃபவுண்டரிக்கு வருவோம். காயில் கட்ட, பேரிங் மாற்ற எல்லாம் சேர்த்து 14 ஆயிரம். எரிந்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டால் 8 ஆயிரம். ஆக, புதிது வாங்கினால் கூடுதலாகக் கையை விட்டுப் போவது 38 ஆயிரம். புது ஐஇ3 மோட்டாரின் திறன் 92.1 சதவீதம். ஒழுங்காகக் கட்டிய பழைய மோட்டாரோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 2,300 யூனிட்டுக்கு மேல், அதாவது சுமார் 18,500 ரூபாய் மிச்சம். இரண்டு வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். கட்டிய விதம் மோசமாகி ஒரு சதவீதம் போயிருந்தால் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல் போதும்.

அதே மோட்டார் ஒரே ஷிப்ட் ஓடினால் நாலு வருஷம் ஆகும். எரிந்தது ஐஇ2 என்றால் இரண்டு ஷிப்டிலேயே நாலரை வருஷம். எரிந்ததே ஐஇ3 என்றால் நல்ல பட்டறையில் காயில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். அங்கே புதிது வாங்கி மிச்சப்படுத்த எதுவும் இல்லை. ஆகவே முதலில் நேம் பிளேட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும்.

புளோயருக்கும் பம்புக்கும் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. திறன் கூடிய மோட்டார் வழுக்கல் குறைந்து சற்று வேகமாகச் சுற்றும். பழையது 1445 ஆர்.பி.எம்., புதியது 1470 என்றால் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் புளோயர் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். இங்கே 5 சதவீதம் கூடிவிடும். கணக்கிட்ட மிச்சம் முழுவதும் போய், பில் பழையதைவிடக் கொஞ்சம் ஏறவும் செய்யும். பெல்ட் டிரைவ் என்றால் மருந்து எளிது: மோட்டார் பக்கம் 200 மி.மீ. புல்லி இருந்த இடத்தில் 197 போட்டால் பழைய வேகம் வந்துவிடும்.

மிஷின் நிற்கும் நஷ்டத்தை மேலே சேர்க்கவே இல்லை. காயில் கட்ட ஒழுங்கான பட்டறைக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைக்கும் நேரத்தை மட்டும் சுருக்க முடியாது. அவசரப்படுத்தி ஈரம் காயாமல் வாங்கி வந்தால் மறுபடி எரியும். 20 எச்.பி. நாலு போல் பெரும்பாலும் கடையில் இருப்பு உண்டு; அச்சு உயரமும் கால் துளைகளும் பொருந்தினால் அன்றே பூட்டலாம். தூசி இழுக்காமல் வேலை நின்று நாளுக்குப் பத்தாயிரம் போகிற இடமென்றால், மூன்று நாளில் 30 ஆயிரம். அந்தத் தொகையே புதிதுக்கான கூடுதல் செலவைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். ஸ்பேர் மோட்டார் ஒன்று ஷெட்டில் இருந்தால் இந்த நெருக்கடியே இல்லை. சுடும் அடுப்பு வைத்திருக்கும் பட்டறையைத் தேடி நிதானமாகக் கொடுக்கலாம்.

எதைச் செய்தாலும், எரிந்த காயிலைப் பட்டறையில் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. இந்த அளவு மோட்டார்கள் பொதுவாக டெல்டாவில் ஓடுபவை. ஒரு பேஸின் காயில்கள் மட்டும் கருகி மற்ற இரண்டும் நிறம் மாறாமல் இருந்தால், அது சிங்கிள் பேசிங். மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது விசிறி மூடியில் மணல் தூசி அடைத்துக் காற்று போகாமல் இருந்தது. பியூஸ் கேரியரோ கான்டாக்டரோ ரிலேயோ சரிசெய்யப்படாத வரை ஐஇ3 மோட்டாரும் அதே மாதிரிதான் எரியும்.