சுவடு சொல்லும் உயரம்

குஜராத் மாநிலத்தில் பாலைவனத்தை ஒட்டிய ஊர்களில் 'பகி' என்று சிலரை அழைப்பார்கள். 'பக்' என்றால் பாதம். மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பவர்தான் பகி. காணாமல் போன ஒட்டகத்தையும் மாட்டையும் இவர்கள் தேடிக் கொடுப்பார்கள். பனாஸ்கந்தா மாவட்டத்தைச் சேர்ந்த ரண்சோட் பகி என்பவர் 1965, 1971 போர்களில் இந்தியப் படைக்கு வழிகாட்டினார்.

காலடித் தடத்தை வைத்து ஆளின் உயரத்தைச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

பெரியவர்களின் பாத நீளம், அவர்கள் உயரத்தை நூறு பங்காக்கினால் சுமார் பதினைந்து பங்கு இருக்கும். எனவே பாத நீளத்தை 15-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். பாதம் 24 சென்டிமீட்டர் என்றால் உயரம் 160 சென்டிமீட்டர். அதாவது ஐந்தே கால் அடி. குதிகாலின் பின் ஓரத்திலிருந்து நீளமான விரலின் நுனி வரை அளக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். சிறுவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இப்போது ஒரு திருட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வயலில் இரவில் தண்ணீர் மோட்டார் காணாமல் போய்விட்டது. வரப்பின் ஈர மண்ணில் செருப்பு போடாத கால் இல்லை. ஷூ தடம் தெரிகிறது. வயல்காரர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் யாரும் அதை மிதிக்கக் கூடாது. கவிழ்த்த அன்னக்கூடையால் மூடிவைக்கலாம். தாமதிக்கவும் கூடாது. களிமண் காய்ந்தால் சுருங்கும். அதோடு தடமும் சுருங்கும்.

அடுத்தது அளப்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சேற்றில் கால் உள்ளே இறங்கும்போதும் வெளியே வரும்போதும் பள்ளத்தின் மேல் வாய் அகன்றுவிடும். மேல் வாயை அளந்தால் ஷூ பெரிதாகத் தோன்றும். பள்ளத்தின் அடியில், ஷூவின் அடிப்பாகம் பதிந்த இடத்தைத்தான் அளக்க வேண்டும். மணலாக இருந்தால் ஓரம் சரிந்து அடியை மறைத்துவிடும். அந்தத் தடத்தை நம்ப முடியாது.

ஒரே ஒரு தடத்தை அளந்தால் போதாது. வரப்பில் மூன்று தடங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் 28 சென்டிமீட்டர். மூன்றாவது 31 சென்டிமீட்டர். ஆள் வளர்ந்துவிட்டாரா? இல்லை. மூன்றாவது தடத்தில் குதிகால் பக்கம் கோடு இழுத்தாற்போல் இருக்கிறது. முன்னால் மண் குவிந்திருக்கிறது. அங்கே கால் வழுக்கியிருக்கிறது. எனவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஷூவின் நீளம் 28 சென்டிமீட்டர்.

ஆனால் ஷூவின் நீளம் பாதத்தின் நீளம் அல்ல. ஷூவின் அடிப்பாகம் பாதத்தைவிடப் பெரும்பாலும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதைக் கழித்தால் பாதம் 25 அல்லது 26 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் உயரம் 167 முதல் 173 சென்டிமீட்டர் வரை வருகிறது.

இதோடு முடிந்துவிடவில்லை. ஒரே உயரமுள்ள இருவருக்குப் பாதம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே இரு பக்கமும் இன்னும் 5 சென்டிமீட்டர் விட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆள் 5 அடி 4 அங்குலம் முதல் 5 அடி 10 அங்குலம் வரை இருக்கலாம். சிலர் இதற்கு வெளியேயும் இருப்பார்கள்.

இந்த உயரத்தில் ஊரில் எத்தனை ஆண்கள்? பாதிப் பேருக்கு மேல் இருப்பார்கள்! "அவன் உயரம் சரியாக இருக்கிறது, அவன்தான் திருடன்" என்று ஒருவரைப் பிடித்து அடித்தால், அடிபடுகிறவர் நிரபராதியாக இருக்கலாம். 5 அடி உயரமுள்ளவர் மீது சந்தேகம் என்றால், அந்தச் சந்தேகம் குறையும். ஆனாலும் அவர் பெரிய ஷூவை இரவல் வாங்கிப் போட்டிருக்கலாம்.

உயரத்தைவிட உறுதியான அடையாளம் ஷூவின் அடிப்பாகத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே வெட்டுப் பட்டிருக்கிறது, எங்கே கல் சிக்கியிருக்கிறது என்பவை ஒவ்வொரு ஷூவுக்கும் வேறுபடும். அதனால்தான் போலீசார் தடத்தின் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுக்கிறார்கள். பிறகு அதில் பாரிஸ் சாந்து கரைசலை ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சைச் சந்தேகப்படும் ஷூவோடு ஒப்பிடுகிறார்கள்.

உயரக் கணக்கு யாரைத் தேடலாம் என்று காட்டும். திருடியவர் யார் என்று அது சொல்லாது.