திரும்பி வரும் பார்சலுக்கு யார் காசு கட்டுவது?

கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் நான் அனுப்பிய சுடிதார் ஒன்று, தீபாவளி முடிந்து பத்து நாட்களின் பின்னர் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. ‘வாங்க மறுத்தார்’ என்று பார்சலில் குறித்திருந்தார்கள். பேஸ்புக் வழியாக வீட்டிலிருந்து உடுப்பு விற்கும் எவருக்கும் இது புதிதல்ல. பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் முறையில்தான் எங்கள் ஊர்களில் பெரும்பாலும் வியாபாரம் நடக்கிறது. மறுக்கப்பட்ட பார்சலின் செலவு முழுவதும் விற்பவரின் தலையில்தான் விழுகிறது.

அந்தச் சுடிதாரை 2,200 ரூபாவுக்கு எடுத்து 2,900 ரூபாவுக்கு விற்றேன். கூரியர் கட்டணம் 400 ரூபாவை வாங்குபவரே தருவார். பையும் ஸ்டிக்கரும் 50 ரூபா. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எனக்கு மிஞ்சுவது 650 ரூபா. திரும்பி வந்தால், போன 400 ரூபாவும் பைக்கான 50 ரூபாவும் என்னுடையவை. திருப்பி அனுப்புவதற்குப் பாதிக் கட்டணம் எடுக்கும் நிறுவனம் என்றால் இன்னும் 200. மொத்தம் 650. ஒரு பார்சல் திரும்பினால், விற்ற இன்னொரு பார்சலின் இலாபம் அப்படியே போய்விடுகிறது. பத்து அனுப்பி மூன்று திரும்பினால் கையில் நிற்பது 2,600 ரூபாதான். பண்டிகை உடுப்பு பண்டிகைக்குப் பின் வந்து சேர்ந்தால் அதை விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும்.

அப்படியானால் முழுக் காசையும் முன்கூட்டியே கேட்கலாமே என்பார்கள். கேட்டுப் பார்த்தேன், ஓடர் பாதியாகக் குறைந்தது. சனத்தையும் குறை சொல்ல முடியாது. வங்கியில் காசு போட்ட பின் காணாமல் போன பேஸ்புக் பக்கங்களும், படத்தில் ஒன்று பார்சலில் வேறொன்று என்று வந்த கதைகளும் எல்லா ஊரிலும் உண்டு. காசு கொடுக்கும் முன் பார்சலைப் பிரித்துப் பார்க்கவும் பொதுவாக விடுவதில்லை. ஆகவே கையில் காசை வைத்திருப்பதுதான் வாங்குபவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.

நான் இப்போது கூரியர் கட்டணத்தை மட்டும் முற்பணமாக வாங்குகிறேன். மிச்சத்தைப் பொருள் கிடைத்த பின் கொடுக்கலாம். நான் பார்சலை அனுப்பாமலே விட்டாலும் அவருக்கு 400 ரூபாவுக்கு மேல் நட்டமில்லை. அவர் மறுத்தால் எனக்குத் திரும்பும் செலவும் பையின் விலையும்தான் போகும். விளையாட்டுக்கு ஓடர் போடுபவர்கள் இந்த 400 ரூபாவிலேயே நின்றுவிடுகிறார்கள். காசு அனுப்பிய சிட்டை என்று வட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி பார்சல் கட்டுவதில்லை. படத்தை மாற்றுவது சுலபம் என்பதால், கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே கட்டுகிறேன். கேட்பவர்களுக்கு, அவர்களின் பெயரை ஒரு துண்டில் எழுதி உடுப்பின் மேல் வைத்து வீடியோ எடுத்து அனுப்புவேன். அதன் பின் விலை பற்றித்தான் பேச்சு வரும், சந்தேகம் வராது.

ஆனால் எல்லா மறுப்பும் மனம் மாறியதால் வருவதல்ல. ஓடர் போட்டது மகள், பார்சல் வரும்போது வீட்டில் நிற்பது அம்மா. அவருக்கு விஷயமே தெரியாது. கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் மாத நடுவில் 3,300 ரூபாவை ஒரேயடியாக எடுத்துக் கொடுப்பது கஷ்டம். அதனால் ஓடர் எடுக்கும்போதே இரண்டு கேள்வி கேட்பேன்: எந்தத் திகதிக்குப் பின் அனுப்பட்டும்? வீட்டில் யார் வாங்குவார்? பலரின் விலாசத்தில் வீட்டு இலக்கம் இருக்காது. பக்கத்துக் கோவிலையோ பள்ளிக்கூடத்தையோ, இன்னொரு தொலைபேசி இலக்கத்தையோ சேர்த்து எழுதினால் கூரியர்த் தம்பி தேடி அலையத் தேவையில்லை.

பார்சல் நிலையை நாளுக்கொரு தடவை பார்ப்பதும் இதற்காகத்தான். ‘விநியோகிக்க முடியவில்லை’ என்று விழுந்த அன்றே வாங்குபவருக்கு எடுத்தால், திரும்பிப் புறப்படும் முன் இன்னொரு தடவை கொண்டுபோகச் சொல்லலாம். தீபாவளி அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.

இரண்டு முறை மறுத்தவர்களின் இலக்கங்களைக் கொப்பியில் சிவப்பால் குறித்து வைப்பேன். அவர்களுக்கு முழுக் காசும் வந்த பின்தான் பார்சல். முல்லைத்தீவுப் பிள்ளை மறுத்தது ஒரு முறைதான் என்றாலும், கோபத்தில் அவருடைய இலக்கத்தையும் குறித்துவிட்டேன். பிறகு ஏதோ மனம் கேட்காமல் எடுத்துப் பார்த்தேன்.

“அக்கா, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. எனக்கு ஒரு கோலும் வரேல்லை. தீபாவளி வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்.”

பார்சலை எடுத்துப் பார்த்தால், அவருடைய இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களையும் நான்தான் மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த நிறம் அதற்குள் விற்றுவிட்டது. பச்சையில் ஒன்று இருந்தது, அதை என் செலவில் அனுப்பினேன். முற்பணம் கேட்கவில்லை.