‘தம்பிக்கு காய்ச்சல்’: ஒரு பயிற்சி நூலுக்குள் என்னவெல்லாம் இருக்கு?

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்காரர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “காய்ச்சல்... மாத்திரை” என்கிறார். கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் காய்ச்சல் அவருக்கு இல்லை, வீட்டில் இருக்கும் நான்கு வயதுப் பையனுக்கு. பெரியவர்களுக்கான மாத்திரை வேறு, குழந்தைக்கான சிரப் வேறு. நடுவில் விடுபட்டுப்போனது ஒரே ஒரு சின்னத் துண்டு: ‘பையனுக்கு’ என்பதில் வரும் அந்த ‘க்கு’.

வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நூல் எழுதுவதென்றால், இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். பல புத்தகங்கள் 247 எழுத்துகளில் தொடங்கி, பிறகு பழங்கள், பறவைகள் என்று பட்டியல் போட்டுப் போகும். ஷிஃப்ட் முடிந்து வந்து இருபது நிமிஷம் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மனிதர், மயிலைத் தாண்டி மெடிக்கல் ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் புத்தகத்தை மூடிவிடுவார்.

கடைசிப் பயிற்சியை முதலில் எழுதணும்

பாடத்தின் முடிவில் கற்பவர் எதைச் செய்யணும் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். நம்ம பாடத்துக்கு அது இதுதான்: மெடிக்கல் ஷாப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன பிரச்சினை, எத்தனை நாளா என்று சொல்லணும், மருந்தை எத்தனை வேளை கொடுக்கணும் என்று கேட்கணும். இந்த நான்கு வரி உரையாடல்தான் கடைசிப் பயிற்சி. அதற்குத் தேவையில்லாத எதுவும் இந்தப் பாடத்தில் வேண்டாம்.

இப்போது அந்த உரையாடலில் இந்தி பேசுபவருக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று பார்க்கணும். இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கு. இந்தியில் ‘முஜே புகார் ஹை’ என்பார்கள். தமிழில் ‘எனக்கு காய்ச்சல் இருக்கு’. இரண்டிலும் வாக்கிய அமைப்பு ஒன்றுதான். ‘பேட்டே கோ’ என்பதில் உள்ள ‘கோ’ செய்கிற வேலையைத்தான் இங்கே ‘பையனுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ செய்கிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழ் சொல்லித்தரும் புத்தகங்கள் இந்த அமைப்பைப் பெரிய புதிர் மாதிரி பின்னால் தள்ளி வைக்கும். இந்திக்காரருக்கு அது புதிரே இல்லை. எது சுலபம், எது கடினம் என்பது தமிழை மட்டும் பார்த்து முடிவாகிற விஷயமில்லை; கற்பவர் எந்த மொழியிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கு. தம்பி, மனைவி, குழந்தை போன்ற சொற்களோடு அப்படியே ‘க்கு’ சேர்ந்துவிடும். பையன் என்றால் ‘பையனுக்கு’, அம்மா என்றால் ‘அம்மாவுக்கு’, நடுவில் ஒரு ஒலி நுழைகிறது. ‘நான்’ என்பது ‘எனக்கு’ என்று ஆளே மாறிவிடுகிறது. மரம் ‘மரத்துக்கு’, வீடு ‘வீட்டுக்கு’ என்று இன்னொரு குடும்பமும் இருக்கு. அத்தனையையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள்.

அதனால் வரிசை இப்படிப் போகலாம். ‘எனக்கு’ தினமும் தேவைப்படும் சொல். விதி எதுவும் சொல்லாமல் முழுச் சொல்லாகவே முதல் வரியில் கொடுத்துவிடலாம். அடுத்து தம்பிக்கு, மனைவிக்கு, குழந்தைக்கு. அதன் பிறகு பையனுக்கு, அம்மாவுக்கு. மரமும் வீடும் இந்தப் பாடத்தில் இல்லை. ‘எங்கே போறீங்க’ என்ற வேறொரு பாடத்துக்குப் போகட்டும். மொத்தம் ஆறு சொற்கள். பாடம் முடியும் வரை அதே ஆறுதான்.

கடினம் என்றால் நீளமான சொல் இல்லை

படிப்படியாகக் கடினமாக்குவது என்றால், போகப்போகப் பெரிய சொற்களைப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூட்ட வேண்டியது சொல்லை இல்லை, குறைக்க வேண்டியது உதவியை.

முதல் பயிற்சியில் கற்பவர் எதையும் எழுத வேண்டாம். ‘குழந்தைக்கு காய்ச்சல்’ என்று ஒரு வரி, பக்கத்தில் மூன்று படங்கள். யாருக்கு என்று டிக் அடித்தால் போதும். இரண்டாவதில் ‘தம்பி___ காய்ச்சல்’ என்று துண்டை மட்டும் நிரப்பணும். மூன்றாவதில் வெறும் பெயர் தரப்படும், முழு வடிவத்தையும் அவரே எழுதணும். நான்காவதில் பெயர்கூடக் கிடையாது, இந்தி வாக்கியம் மட்டும் இருக்கும். ஐந்தாவது அந்த மெடிக்கல் ஷாப் உரையாடல். ஒவ்வொரு படியிலும் ஒரு கைப்பிடி மட்டும் போகிறது. சொற்கள் மாறாததால், தப்பு வந்தால் எதனால் வந்தது என்று தெரிந்துவிடும். புதுச் சொல்லையும் புது வடிவத்தையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டால், அவர் எதில் தடுக்கினார் என்பது எழுதியவருக்கே தெரியாது.

இரண்டாவது பயிற்சியில் ஒரு பொறி இருக்கு. பத்துக் கோடிட்ட இடம், பத்துக்கும் விடை ‘க்கு’. மூன்றாவது வரிக்குப் பிறகு யாரும் வாக்கியத்தைப் படிக்க மாட்டார்கள். கை தானாக ‘க்கு’ போட்டுக்கொண்டே போகும். பத்துக்குப் பத்து மார்க் வரும், ஒன்றும் பதிந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, வாக்கியத்தின் மீதியைக் கையால் மறைத்துவிட்டு விடை சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால் அந்தப் பயிற்சி வேலை செய்யவில்லை.

எனவே நடுவே ‘தம்பி___ மாத்திரை சாப்பிட்டான்’ போன்ற வரிகள் வரணும். இங்கே எதுவும் சேராது. இந்தி பேசுபவர் இந்த இடத்தில் கட்டாயம் ஒரு நொடி நிற்பார், ஏனென்றால் அவர் மொழியில் இதே வாக்கியத்தில் ‘பாயி நே’ என்று ஒரு ‘நே’ ஒட்டிக்கொள்ளும். ஏதாவது சேர்த்தே ஆகணும் என்று கை துறுதுறுக்கும். அந்த நொடிக்காகத்தான் அந்த வரி.

விடைப்பக்கம் யாருக்காக?

ஆங்கிலம் கற்பவர்களுக்கு ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ புத்தகம் தெரிந்திருக்கும். 1985-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, விடைகள் கடைசியில். வகுப்பறைக்கு என்று விடை இல்லாத பதிப்பும் உண்டு. அது முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக எழுதப்பட்ட நூல் இல்லை. எந்த இடத்தில் சந்தேகமோ அந்தப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம். நாம் பேசுவது படி ஏறும் நூல். ஆனாலும் விடையைக் கடைசியில் வைப்பதில் அதையே பின்பற்றலாம். பயிற்சிக்குக் கீழேயே தலைகீழாக அச்சடித்தால், விடை தெரியாதவர் மட்டுமில்லை, தெரிந்தவரும் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவார்.

தனியாகப் படிப்பவருக்கு ஆசிரியர் இல்லை. விடைப்பக்கம்தான் ஆசிரியர். அங்கே ‘1. தம்பிக்கு 2. அம்மாவுக்கு’ என்று மட்டும் இருந்தால், தப்பு என்று தெரியும், ஏன் தப்பு என்று தெரியாது. ஒருவர் ‘நானுக்கு’ என்று எழுதியிருக்கலாம். விதியைச் சரியாகப் பின்பற்றியதால் வந்த தப்பு இது! அதற்கு விடைப்பக்கத்தில் ஒரு வரி போதும்: ‘நானுக்கு என்று எழுதினீர்களா? இந்தியில் மை என்பது முஜே ஆவது போல, இங்கே நான் என்பது எனக்கு ஆகிறது. முதல் பயிற்சியை இன்னொரு முறை பாருங்கள்.’ இந்த விளக்கத்தை மட்டும் இந்தியிலேயே எழுதலாம். எல்லா விடைக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை, எந்தத் தப்பு அடிக்கடி வருமோ அதற்கு மட்டும்.

இதைவிட மோசமானது, சரியான விடையை விடைப்பக்கம் தப்பு என்று சொல்வது. ‘_____ தண்ணி குடுங்க’ என்று ஒரு கேள்வி, விடை ‘எனக்கு’. கற்பவர் ‘தம்பிக்கு’ என்று எழுதுகிறார், அதுவும் சரிதான். ‘கொஞ்சம்’ என்று எழுதினாலும் சரிதான். ஆனால் விடைப்பக்கத்தில் ஒன்றுதான் இருக்கு. பள்ளியை விட்டு இருபது வருஷம் ஆன ஒருவர் புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார். கேள்வியிலேயே படமோ குறிப்போ கொடுத்து ஒரே விடை வருமாறு இறுக்கணும், இல்லையென்றால் விடைப்பக்கத்தில் மற்ற விடைகளையும் ஏற்கணும். ‘அம்மாவுக்கு’ என்பது எழுத்தில். தெருவில் ‘அம்மாக்கு’ என்றும் சொல்கிறார்கள். அதையும் ‘பேச்சில் இப்படியும் வரும்’ என்று விடைப்பக்கம் ஒப்புக்கொண்டால்தான், வெளியே கேட்ட தமிழும் புத்தகத் தமிழும் சண்டை போடாது.

அச்சுக்குப் போகும் முன்

நாலைந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது இங்கே சம்பிரதாயம் இல்லை. பக்கத்தில் உட்காரணும், வாயைத் திறக்கக் கூடாது, பேனா எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளணும். பேனா நிற்கிற இடம் சில நேரம் கேள்வியாகவே இருக்காது. ‘கீழ்க்கண்டவற்றைப் பொருத்தமான உருபுகளைக் கொண்டு நிறைவு செய்க’ என்று மேலே ஒரு கட்டளை இருக்கும். பயிற்சியைவிடக் கட்டளை கடினம்! ஒரு வரியை நிரப்பிக் காட்டிவிட்டால் கட்டளையே தேவைப்படாது. எல்லோரும் ஒரே கேள்வியில் தடுக்கினால், கற்பவர்களைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு முந்தைய படியைப் பார்க்கணும். அங்கே ஒரு படி விடுபட்டிருக்கும்.

இந்தப் பாடத்தில் அப்படி விடுபடக்கூடிய படி ஒன்று உண்டு. கடைக்காரர் சிரப்பைக் கொடுத்துவிட்டு “ஒரு நாளைக்கு மூணு வேளை” என்பார். ‘நாளைக்கு’ என்றால் அடுத்த நாள் என்று ஏற்கெனவே படித்தவர், நாளையிலிருந்து கொடுக்கணும் போல என்று நினைத்து அன்றைய இரவை விட்டுவிடலாம். அதே ‘க்கு’, அதே எழுத்து, வேறு பொருள். இதை விதியாக விளக்கப் போனால் பாடம் இரண்டு பக்கம் நீண்டுவிடும். ‘எனக்கு’ போலவே ‘ஒரு நாளைக்கு’ என்பதையும் ஒரே துண்டாக, மருந்து அட்டைப் படத்தோடு, ஐந்தாவது பயிற்சிக்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் வழி.

அந்த ஐந்தாவது பயிற்சிக்கு ஒரே விடை கிடையாது. விடைப்பக்கத்தில் ஒரு மாதிரி உரையாடலும் அதன் கீழே மூன்று கேள்விகளும் இருக்கும்: யாருக்கு என்று சொன்னீர்களா? எத்தனை நாளா என்று சொன்னீர்களா? எத்தனை வேளை என்று கேட்டீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அடுத்த பாடம். முதல் கேள்விக்கு இல்லை என்றால், பக்கத்தைத் திருப்பி இரண்டாவது பயிற்சிக்கு.