அரைக்கால் டாலர் வியாபாரம்

காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி மாகாணி. என் தாத்தா மண்டிக் கணக்கை இப்படித்தான் வாய்விட்டுப் போடுவார். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகு நாம் இந்தப் பின்னங்களைக் கைகழுவிவிட்டோம். அமெரிக்கப் பங்குச் சந்தை அவற்றை விட இன்னும் 44 வருடம் ஆயிற்று. 1990களின் நடுவில்கூட அங்கே ஒரு பங்கின் விலை இருபது டாலர், இருபதே அரைக்கால், இருபதே கால் என்றுதான் நகரும். ஒவ்வொரு படியும் பன்னிரண்டரை சென்ட்.

அந்த அரைக்காலையும் காலையும் வைத்துப் பிழைத்தவர்கள்தான் மார்க்கெட் மேக்கர்கள். இவர்களைத் தரகர் என்று சொல்வது தவறு. தரகர் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கிக்கொள்வார். சரக்கு அவர் கைக்கு வராது. மார்க்கெட் மேக்கரோ தன் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி, தன் கையிருப்பிலிருந்து விற்பவர். காலையில் சந்தை திறந்ததும் ஒரு பங்குக்கு இரண்டு விலைகளைப் பலகையில் போட்டுவிடுவார். 'இருபது டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன், இருபதே காலுக்குக் கொடுக்கிறேன், இரண்டு பக்கமும் ஆயிரம் பங்கு வரை.' யார் வந்தாலும், எந்தப் பக்கம் வந்தாலும், சொன்ன விலைக்கு வியாபாரம் செய்தாக வேண்டும். இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள அந்தக் கால் டாலருக்குப் பெயர் ஸ்ப்ரெட்.

ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். பத்து மணிக்கு ஒருவர் ஆயிரம் பங்கை இருபதுக்கு விற்றுவிட்டுப் போகிறார். பத்து இருபதுக்கு இன்னொருவர் வந்து ஆயிரத்தை இருபதே காலுக்கு வாங்குகிறார். மார்க்கெட் மேக்கருக்கு 250 டாலர் லாபம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒருவருக்காக மற்றவர் இருபது நிமிடம் காத்திருக்கவும் இல்லை. அந்த இருபது நிமிடம் சரக்கைச் சுமந்ததற்கான கூலிதான் 250 டாலர். இதைப் பார்த்தால் உட்கார்ந்த இடத்தில் காசு கொட்டுகிற தொழில் என்றுதான் தோன்றும்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் விற்பவர்களாகவே வருகிறார்கள். ஆயிரம், இன்னொரு ஆயிரம், மூன்றாவது ஆயிரம். மூவாயிரம் பங்கு, அறுபதாயிரம் டாலர் முடங்கிவிட்டது. இப்போது அவர் இரண்டு விலையையும் அரைக்கால் இறக்குகிறார்: வாங்கும் விலை பத்தொன்பதே முக்காலே அரைக்கால், விற்கும் விலை இருபதே அரைக்கால். கம்பெனியைப் பற்றி அவர் எண்ணம் மாறிவிட்டது என்று பொருள் இல்லை. விற்க வருகிறவரைக் கொஞ்சம் தயங்கவைக்கவும், வாங்க நினைப்பவரைக் கூப்பிடவும்தான் அது. தக்காளி தேங்கும்போது கடைக்காரர் செய்கிற வேலையேதான். அழைப்பு பலிக்கிறது, இரண்டாயிரம் பங்கு இருபதே அரைக்காலுக்குப் போகிறது. இன்னொரு 250 டாலர் சேர்கிறது. மாலை சந்தை மூடும்போது லாபம் 500 டாலர், கையில் மீதி ஆயிரம் பங்கு.

இரவு செய்தி வருகிறது. கம்பெனியின் காலாண்டு வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மறுநாள் பங்கு பதினெட்டில் திறக்கிறது. மிச்சமிருந்த ஆயிரத்தில் 2,000 டாலர் நஷ்டம். முதல் நாள் சம்பாத்தியம் போக, கைவிட்டுப் போனது 1,500 டாலர்.

மத்தியானம் வரிசையாக வந்து விற்றார்களே, அவர்களில் யாருக்கோ இந்தச் செய்தி முன்பே தெரிந்திருக்குமோ? இந்தக் கேள்விதான் இத்தொழிலின் நிரந்தரத் தலைவலி. வீட்டுக் கடனை அடைக்க விற்பவரும், விஷயம் தெரிந்து விற்பவரும் ஒரே மாதிரிதான் வந்து நிற்பார்கள். ஜாக் ட்ரெய்னர் என்ற அமெரிக்கர் 1971இல், வால்டர் பேஜட் என்ற புனைபெயரில், இதை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார். விஷயம் தெரிந்தவனிடம் மார்க்கெட் மேக்கர் எப்போதும் தோற்பார். அந்த நஷ்டத்தை விஷயம் தெரியாமல் வந்தவர்களிடம் எடுக்கிற லாபத்தில் ஈடுகட்டுவார். ஸ்ப்ரெட்டின் அகலம் இந்த இரண்டு கூட்டத்தின் விகிதத்தைப் பொறுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

விரல்விட்டே இதைக் கணக்குப் போடலாம். பங்கின் நியாயமான விலை இருபது டாலர். விற்க வரும் பத்துப் பேரில் ஒருவனுக்கு மட்டும் விலை நாளை பத்தொன்பது ஆகும் என்று தெரியும். மார்க்கெட் மேக்கர் 19 டாலர் 90 சென்டுக்கு வாங்கினால், ஒன்பது பேரிடம் பங்குக்குப் பத்து சென்ட் வீதம் 90 சென்ட் மிஞ்சும். அந்த ஒருவனிடம் அதே 90 சென்ட் போய்விடும். கணக்கு சரிக்குச் சரி. அந்த மாதிரி ஆட்கள் பத்துக்கு இருவர் ஆகிவிட்டால், 19 டாலர் 80 சென்டுக்கு மேல் கொடுத்தால் கட்டாது. கம்பெனி முடிவுகள் வரப்போகும் நேரத்தில் ஸ்ப்ரெட் விரிவதும், அதிகம் கைமாறாத சின்னக் கம்பெனிப் பங்கில் அது எப்போதும் அகலமாக இருப்பதும் இதனால்தான். அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டுவது நீங்களும் நானும். கட்டவைத்தது விஷயம் தெரிந்த அந்த ஒருவன்.

இதுவரை சொன்னது நியாயமான கூலி. கூலியோடு கொள்ளையும் சேர முடியும் என்பதற்கு நாஸ்டாக் சந்தையே சாட்சி.

நாஸ்டாக் 1971இல் தொடங்கியபோது அது மார்க்கெட் மேக்கர்களின் விலைகளை ஒரே திரையில் காட்டும் ஏற்பாடுதான். ஒரு பெரிய பங்குக்கு ஒருவரல்ல, பலர் போட்டி போட்டு விலை சொல்வார்கள். போட்டி இருந்தால் ஸ்ப்ரெட் சுருங்க வேண்டும். ஒருவர் இருபதே காலுக்கு விற்றால், அடுத்தவர் அரைக்கால் குறைத்து வியாபாரத்தைப் பிடிப்பார் அல்லவா? வில்லியம் கிறிஸ்டி, பால் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991ஆம் ஆண்டின் விலைப் பதிவுகளைப் புரட்டினார்கள். அதிகம் கைமாறும் நூறு நாஸ்டாக் பங்குகளில் எழுபதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. விலைகள் முழு டாலர், கால், அரை, முக்கால் என்றே இருந்தன. அரைக்காலில் முடியும் விலையைக் கிட்டத்தட்ட யாருமே சொல்லவில்லை. பங்குக்குப் பங்கு, நாளுக்கு நாள், இத்தனை பேரும் ஒரே படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அந்தப் படியை விட்டுவிட்டால் ஸ்ப்ரெட் கால் டாலருக்குக் கீழே இறங்க வழியே இல்லை.

1994 மே 26, 27 தேதிகளில் இந்தக் கண்டுபிடிப்பு செய்தித்தாள்களில் வந்தது. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மே 27 அன்றே மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, ஆம்ஜென் பங்குகளில் அரைக்கால் விலைகள் திடீரென்று முளைத்தன. ஸ்ப்ரெட் ஏறக்குறையப் பாதியாயிற்று. அடுத்த வேலைநாளில் இன்டெல், ஆப்பிள் பங்குகளிலும் இதே கதை. அந்தக் கம்பெனிகளில் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை. மார்க்கெட் மேக்கர்களின் செலவும் அபாயமும் முந்தின நாள் இருந்தபடியே இருந்தன. செலவுக்காகத்தான் கால் டாலர் என்றால், செய்தி வந்ததும் அது எப்படிப் பாதியாகும்?

விசாரணை நடந்தது. வழக்கத்தை மீறி ஸ்ப்ரெட்டைக் குறைத்தவர்களைச் சகாக்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசியது ஒலிநாடாக்களில் பதிவாகியிருந்தது. 1996இல் அமெரிக்க அரசின் அறிக்கை அதை வெளியே கொண்டுவந்தது. முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்குகளில் நிறுவனங்கள் 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. 1997இல் விலைப்படி மாகாணிக்கு இறங்கியது. 2001இல் பின்னங்களே ஒழிந்து, படி ஒரு சென்ட் ஆனது.

கால் டாலரில் பிழைத்தவர்களுக்கு ஒரு சென்டில் பிழைக்க முடியவில்லை. அந்த இடத்துக்குக் கணினிகள் வந்தன. ஒரு பங்குக்கு அரைக் காசு லாபம், ஆனால் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் வியாபாரம், செய்தி வந்த கணத்தில் விலையை மாற்றும் வேகம். இப்படித் தொழில் செய்யும் விர்ச்சு என்ற நிறுவனம் 2014இல் தாக்கல் செய்த ஆவணத்தில், ஐந்து வருடத்தில் 1,238 வேலைநாட்களில் ஒரே ஒரு நாள்தான் நஷ்டம் என்று எழுதியிருந்தது. எங்கள் கற்பனை வியாபாரி அதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்.

ஆனால் கணினிக்கும் பயம் உண்டு. 2010 மே 6 பிற்பகல் அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்தபோது பலர் தங்கள் விலைகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இரண்டு பக்கமும் விலை காட்டியே ஆக வேண்டும் என்ற விதிக்காக, ஒரு சென்டுக்கு வாங்குகிறேன், ஒரு லட்சம் டாலருக்கு விற்கிறேன் என்ற மாதிரி ஒப்புக்குச் சில விலைகள் கிடந்தன. யாரும் அந்த விலைக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அன்று வந்தார்கள். நாற்பது டாலர் மதிப்புள்ள ஆக்சென்சர் பங்கு ஒரு சென்டுக்கு விற்பனையானது. பின்னர் அத்தகைய வியாபாரங்களை ரத்து செய்தார்கள். அந்த வருடமே ஒப்புக்குப் போடும் விலைகளுக்குத் தடையும் வந்தது.

நம் ஊரில் பெரிய கம்பெனிப் பங்குகளுக்கு இப்படி நியமிக்கப்பட்ட ஆள் கிடையாது. வாங்குவோர் விற்போர் ஆர்டர்களே நேராகச் சந்திக்கின்றன. இடிஎஃப் திட்டங்களுக்கோ, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்களாவது இருக்க வேண்டும் என்று செபி 2022இல் விதித்தது. இருந்தும் அதிகம் கைமாறாத இடிஎஃப்களில் வாங்கும் விலை 98.20, விற்கும் விலை 101.50 என்று பள்ளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே 'மார்க்கெட் ஆர்டர்' போட்டு வாங்கினால், வாங்கிய நொடியிலேயே மூன்று ரூபாய் முப்பது காசு பின்தங்கிவிடுவீர்கள்.

ஆகவே, வாங்கு பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு விலையையும் பாருங்கள். இடிஎஃப் என்றால் அதன் ஐஎன்ஏவி எவ்வளவு என்று ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். கையிருப்பின் அந்த நேரத்து மதிப்பு அதுதான். இடைவெளி அகலமாக இருந்தால் அந்த மதிப்பை ஒட்டி 'லிமிட் ஆர்டர்' போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆர்டர் நிறைவேறாமலே போகலாம், அதற்குத் தயாராக இருங்கள். நிறைவேறினால் ஸ்ப்ரெட்டில் ஒரு பகுதி உங்கள் பையிலேயே தங்கும்.