என்ஜின் கழற்றிய விமானமும் ஒரு குவாஷ் மனுவும்

சொந்த விமானத்திலிருந்து என்ஜினைக் கழற்றுவது திருட்டா? 1997-இல் தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் தாக்கலான இரண்டு தனிப் புகார்கள், இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போயின. உயர் நீதிமன்றம் ஒரு கிரிமினல் வழக்கை எப்போது முளையிலேயே கிள்ளலாம், எப்போது கூடாது என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கடினம்.

புகார் கொடுத்தது இந்தியன் ஆயில். என்.இ.பி.சி. குழுமத்தின் விமான நிறுவனங்களுக்கு அது எரிபொருள் சப்ளை செய்தது; பாக்கி ஏறியது. பாக்கிக்கு ஈடாக விமானங்களை ஹைப்பாதிகேஷன் எழுதிக் கொடுத்தார்கள். கடனில் வாங்கிய காரின் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இருக்குமே, அதே ஏற்பாடுதான். வண்டி நம்மிடமே இருக்கும். கடன் கட்டாவிட்டால் அதைக் கைப்பற்றும் உரிமை மட்டும் கொடுத்தவருக்கு. பிறகு அந்த விமானங்களிலிருந்து என்ஜின்களும் முக்கியப் பாகங்களும் கழற்றப்பட்டன என்பது இந்தியன் ஆயிலின் குற்றச்சாட்டு. திருட்டு, கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், சொத்துக்குச் சேதம் என்று பிரிவுகளை அடுக்கியது.

எதிர்த்தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 528-ஆம் பிரிவு. வக்கீல்கள் பேச்சில் இது ‘குவாஷ் பெட்டிஷன்’. இந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. சட்ட நடைமுறை துஷ்பிரயோகம் ஆவதைத் தடுக்கவும் நீதியைக் காக்கவும் அந்த நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள அதிகாரத்தை யாரும் பறிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. மாஜிஸ்திரேட்டுக்கோ செஷன்ஸ் நீதிபதிக்கோ இது கிடையாது.

‘இது பணம் கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் விவகாரம்’ என்ற வாதத்தை ஏற்று, இரண்டு புகார்களையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2006 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதியை மாற்றியது. மாற்றிய விதம்தான் பாடம்.

புகாரில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்றே வைத்துக்கொள். அப்படியும் குற்றத்தின் உறுப்புகள் தெரிகின்றனவா என்று பார். இதுதான் சோதனை. சாட்சி பொய் சொல்கிறாரா, ஆவணம் போலியா என்று எடைபோடுவது விசாரணை நீதிமன்றத்தின் வேலை. இந்த அளவுகோலில் முதலில் திருட்டு விழுந்தது. விமானம் உரிமையாளரின் வசமே இருந்தது. பிறர் வசமிருந்து எடுத்தால்தான் திருட்டு. கையாடலும் விழுந்தது. இந்தியன் ஆயில் தன் பொருள் எதையும் நம்பி ஒப்படைக்காததால் நம்பிக்கை மோசடியும் நிற்கவில்லை.

ஆனால் சேதப்படுத்துதல் நின்றது. தன் பொருளையே ஒருவர் சிதைத்தாலும், அதனால் இன்னொருவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே செய்திருந்தால் அது அந்தக் குற்றத்துக்குள் வரும். ஏமாற்றுதலும் நின்றது. பணம் கட்டும் எண்ணமே இல்லாமல் வாக்குறுதி தந்து சப்ளையைப் பெற்றார்கள் என்று புகார் சொன்னது. உண்மையா பொய்யா என்பது பிறகு. ஆக, சிவில் வழி இருக்கிறது என்பதாலேயே கிரிமினல் வழி அடைபட்டுவிடாது. ஒரே செயல் இரண்டாகவும் இருக்கலாம்.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் மறுபக்கத்தையும் கடிந்தார்கள். சிவில் வழக்கு இழுக்கும் என்று, பாக்கி வசூலுக்குப் போலீஸையும் கிரிமினல் கோர்ட்டையும் நெருக்கடிக் கருவியாக்கும் போக்கு வியாபார வட்டாரத்தில் பெருகுவதைக் குறிப்பிட்டார்கள். முறிந்த திருமணங்களிலும் இதே கதை என்றார்கள். குவாஷ் அதிகாரம் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். கடன் திரும்பவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத புகாரில், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அந்த எண்ணத்தைக் காட்டும் சம்பவம் ஒன்றாவது புகாரில் இருக்கிறதா என்று தேடுவதே அனுபவமுள்ள வக்கீலின் முதல் வேலை.

சமரசத்தின் பேரில் ரத்து செய்வது தனி வகை. 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை போட்டது. பணத் தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் இருதரப்பும் ஒத்துப்போனால் ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் புகார்தாரரே மன்னித்தாலும் முடியாது.

குவாஷ் மனு தள்ளுபடியானால் குற்றம் நிரூபணமானதாகப் பலர் இடிந்துபோகிறார்கள். அது தவறு. விசாரணை நடக்கட்டும் என்பதற்கு மேல் அந்த உத்தரவுக்குப் பொருள் இல்லை; பொதுவாக விடுவிப்பு மனு போடும் வழியும் திறந்தே இருக்கும். இந்தியன் ஆயில் வழக்கிலும் மிஞ்சிய இரண்டு குற்றச்சாட்டுகள், புகார் கொடுத்து 9 ஆண்டுகள் கழித்து, மாஜிஸ்திரேட்டுகளிடமே திரும்பிப் போயின.